கவரைத் தொடக் கூடாது

பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் வீடு கட்டுகிறவர்கள் வாஸ்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. சொந்தத்தில் வெளிநாட்டுக்குப் போகிற வயதில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் கணக்கெடுத்துவிட வேண்டும். பிரகாரம் சுற்றிப் பழகிய என் கால்கள் இப்போது தேர்வுத் துறைக் கட்டடத்தின் மாடிப்படிகளைச் சுற்றுகின்றன. அங்கே இருக்கும் ஓ.ஏ. என்னை ஓய்வுபெற்ற ஊழியர் என்று நினைத்து, பென்ஷன் செக்ஷன் பக்கத்து பில்டிங் என்று ஒருநாள் வழிகாட்டினார்.

கடைசியாக ஓடியது அக்கா மகளுக்காக. பி.இ. முடித்த கையோடு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்துவிட்டது. விண்ணப்பம் போடும்போது ஏழு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் ஸ்கேன் செய்து ஏற்றியதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இடம் கொடுத்த கடிதத்தில்தான் வில்லங்கம். அதிகாரபூர்வமான டிரான்ஸ்கிரிப்ட், பட்டம் வழங்கப்பட்ட தேதியோடு, நீ படித்த பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக எங்களுக்கு ஆகஸ்ட் முதல் தேதிக்குள் வர வேண்டும் என்று போட்டிருந்தது. “ஒரே ஒரு பேப்பர்தான் மாமா” என்றாள்.

அந்த ஒரே பேப்பர் நம் ஊரில் கிடையாது என்பதை அவளுக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் என்றால் படித்த பாடங்கள், கிரேடு, பெற்ற பட்டம், அது வழங்கப்பட்ட தேதி எல்லாம் ஒரே தாளில் அச்சாகிவிடும். மாணவர் இணையத்தில் பணம் கட்டினால் பல இடங்களில் அன்றைக்கே மின்வழியில் போய்விடும். நம்மிடம் செமஸ்டருக்கு ஒரு மார்க் ஷீட், பிறகு கன்சாலிடேட்டட், பிறகு புரொவிஷனல், எல்லாம் ஆன பிறகு பட்டச் சான்றிதழ். டிரான்ஸ்கிரிப்ட் என்பது யாராவது விண்ணப்பித்தால்தான் பிறக்கும். பிறந்தாலும் பெரும்பாலும் மார்க்கை மட்டும்தான் சொல்லும். பட்டம் கொடுத்தோம், இந்தத் தேதியில் கொடுத்தோம் என்று சொல்லாது. எப்படிச் சொல்லும்? பட்டத்தை இன்னும் கொடுக்கவில்லையே.

பட்டம் கொடுக்க விழா நடக்க வேண்டும். விழாவுக்கு வேந்தர் நாள் கொடுக்க வேண்டும், சிறப்பு விருந்தினர் ஒருவர் அகப்பட வேண்டும், அரங்கம் காலியாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுகூடுவதற்குள் ஜூனில் ரிசல்ட் பார்த்த பிள்ளை அங்கே போய் முதல் செமஸ்டர் பரீட்சையே எழுதிவிடும்.

இந்த இடைவெளிக்கென்றே உண்டானது புரொவிஷனல் சான்றிதழ். இன்னார் இந்த மாதம் இந்த வருடம் நடந்த தேர்வில் தேறி, இந்தப் பட்டம் பெறத் தகுதி பெற்றிருக்கிறார் என்று பல்கலைக்கழகமே கையெழுத்துப் போட்டுச் சொல்கிற தாள் அது. இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்துப் பழகிய பல வெளிநாட்டு அட்மிஷன் அலுவலகங்களுக்கு இது பழக்கமான காகிதம்தான். டிரான்ஸ்கிரிப்டையும் இதையும் சேர்த்து அனுப்பினால், அவர்கள் கேட்கும் ஒற்றைத் தாளுக்கு இந்த இரண்டும் ஈடு. அக்கா மகளுக்கு ரிசல்ட் வந்த சில வாரங்களில் கல்லூரி வழியாகப் புரொவிஷனல் வந்துவிட்டது. என் அக்கா அதை உடனே லேமினேட் செய்யப் புறப்பட்டாள். தெருமுனைக் கடை வரை துரத்திப் போய் மடக்கினேன். லேமினேட் செய்த சான்றிதழில் முத்திரை விழாது, அட்டெஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். “அப்போ காபி கொட்டிட்டா?” என்று கேட்டாள் அக்கா. காபியை வேறு அறையில் குடிக்கலாம் என்று யோசனை சொன்னேன்.

இனி டிரான்ஸ்கிரிப்ட். விண்ணப்பப் படிவம், கட்டணம் கட்டிய ரசீது, எல்லா மார்க் ஷீட்டுக்கும் ஜெராக்ஸ், அவள் சார்பில் நான் வருகிறேன் என்பதற்கு அவள் கையெழுத்திட்ட கடிதம், என் ஆதார் நகல் எல்லாம் கொடுத்தேன். செக்ஷனில் அதை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டி எடுத்துவிட மாட்டார்கள். நாம் கொடுத்த ஜெராக்ஸைப் பதிவேட்டோடு ஒவ்வொரு பாடமாக ஒப்பிடுவார் ஒருவர். தயாரிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர், சுருக்கொப்பம் போடுபவர் சூப்பரின்டெண்ட் மேடம், கடைசிக் கையெழுத்து கண்ட்ரோலர். மற்ற எல்லோரும் அவரவர் மேஜையில் இருந்தார்கள். கண்ட்ரோலர் கேம்ப் போயிருந்தார். ரிசல்ட், மறுமதிப்பீடு, துணைத் தேர்வு, அடுத்த ஆண்டு வினாத்தாள் எல்லாம் ஜூன், ஜூலையில்தான் அவர் தலையில் விழும். வெளிநாட்டுக்குப் போகிற அத்தனை பிள்ளைகளும் டிரான்ஸ்கிரிப்ட் கேட்பதும் அதே ஜூன், ஜூலையில்தான். தாமதம் யாருடைய சோம்பலாலும் வருவதில்லை என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டேன். கோப்புகள் பல, கையெழுத்துப் போடுகிற பேனா ஒன்று.

“எத்தனை கவர் வேணும் சார்?” என்றார் மேடம். ஒன்று போதும் என்று நான் சொல்வதற்குள், பக்கத்தில் நின்ற ஒரு பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஒரு கவர் வாங்கிக்கொண்டு போய், பிறகு இன்னொன்றுக்காக மறுபடி ஆரம்பத்திலிருந்து வரிசையில் நின்றுகொண்டிருக்கிறவன் அவன். கூடுதல் கவருக்குக் கூடுதல் கட்டணம்தான். ஒப்பிடுவதும் கையெழுத்தும் ஒரே சுற்றில் முடிந்துவிடும். மூன்று என்றேன்.

தயாரான டிரான்ஸ்கிரிப்டை மேடம் கவருக்குள் போட்டு, ஒட்டி, ஒட்டிய மடிப்பின் மேல் பாதி இங்கும் பாதி அங்குமாக முத்திரை குத்திக் கையெழுத்தும் வாங்கிவைத்திருந்தார். இந்தக் கணத்திலிருந்து, நான்கு வருடம் இரவு கண்விழித்து மார்க் வாங்கியவள் அதைத் தொட்டால் செல்லாது. பிரித்தால் போச்சு. கல்யாணத்தில் மொய்க் கவரைக்கூட நாமே கையில் கொடுக்கிறோம். இதில் நம் மார்க்கை நாமே கொடுக்கக் கூடாது.

பிறகுதான் தகராறு. “நீங்களே எடுத்துட்டுப் போய் கொரியர் பண்ணிடுங்க சார்” என்று கவரை நீட்டினார் மேடம். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கடிதத்தில் நேரடியாக என்று போட்டிருக்கிறதே! இந்த விஷயத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சட்டம். சீல் உடையாமல் இருந்தால் மாணவர் அனுப்பினாலும் ஏற்கிற பல்கலைக்கழகங்கள் உண்டு. கனடா குடியேற்றத்துக்குப் பட்டத்தை மதிப்பிடுகிற டபிள்யூ.இ.எஸ். போன்ற இடங்களோ, மாணவர் அனுப்பிய டிரான்ஸ்கிரிப்டைத் தொடவே மாட்டார்கள். அவர்கள் தருகிற படிவத்தைப் பல்கலைக்கழகம் நிரப்பி, அவர்கள் கொடுத்த எண்ணோடு, தானே அனுப்ப வேண்டும். எங்கள் கதையில் அக்கா மகள் அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயில் போட்டுக் கேட்டாள். அனுப்புநர் பெயர் பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அதைப் பிரின்ட் எடுத்து மேடத்திடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “இதை முதல்லயே சொல்லியிருந்தா தபால் செக்ஷனுக்கே அனுப்பியிருப்பேனே” என்றார். அரசு அலுவலகத்தில் வாயால் சொன்னால் வேண்டுகோள், காகிதத்தில் காட்டினால் விதி.

தபால் செக்ஷனுக்குப் போகுமுன் கவரின் மேல் விலாசத்தைப் பார்த்தேன். நாடு இருந்தது, ஜிப் கோடு இருந்தது, விண்ணப்ப எண் இல்லை. அங்கேதான் இன்னொரு பள்ளம். மார்க் ஷீட்டில் நம் பெண் ‘கவிதா எஸ்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து ‘கவிதா செல்வராஜ்’ ஆகியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். பெற்றோர் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அப்படியாகிவிடும். அங்கே கவரைப் பிரிக்கிறவருக்கு இந்தக் கவிதாவும் அந்தக் கவிதாவும் ஒருத்திதான் என்று தெரிய நியாயமில்லை. எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் கவர் ஒரு மூலையில் கிடக்கும். இணையத்தில் மாணவியின் கணக்கு மட்டும் ‘வரவில்லை’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஸ்பீட் போஸ்ட் டெலிவரி ஆகிவிட்டது என்று ஒருபக்கம் காட்ட, மறுபக்கம் வரவில்லை என்று காட்டினால், காரணம் பெரும்பாலும் இதுதான். விண்ணப்ப எண்ணையும், விண்ணப்பத்தில் கொடுத்த முழுப் பெயரையும், பிறந்த தேதியையும் கவரின் மேலேயே எழுதச் சொன்னேன். மேடம் எழுதிக்கொண்டே, “ஜாதகமும் எழுதட்டுமா?” என்றார்.

இத்தனையும் ஆனபோது ஜூலை கடைசி. கடல் தாண்டிப் போகிற கவர் ஆகஸ்ட் முதல் தேதிக்குள் போய்ச் சேராது என்று தெரிந்துவிட்டது. கெடு முடிந்த பிறகு மன்னிப்புக் கேட்பதைவிட, முடியுமுன் அவகாசம் கேட்பது எளிது. அக்கா மகள் இப்படி எழுதினாள்: கவர் கிளம்பிவிட்டது, டிராக்கிங் எண் இது, பட்டமளிப்பு விழா நடக்காததால் பட்டச் சான்றிதழ் இப்போது இல்லை, கவர் வந்து சேரும் வரை புரொவிஷனலையும் டிரான்ஸ்கிரிப்டின் ஸ்கேனையும் எங்கள் தேர்வுத் துறையே மெயிலில் அனுப்பினால் தற்காலிகமாக ஏற்பீர்களா? ஏற்போம் என்றார்கள். செக்ஷனிலும் அனுப்பிவிட்டார்கள், இலவச மெயில் முகவரியிலிருந்து. செக்ஷனில் பழக்கமாகப் புழங்குவது அதுதான். அப்படி ஒரு முகவரியை யார் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதால் அங்கே ஏற்கவில்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த முகவரி, .ac.in என்று முடிவது, கம்ப்யூட்டர் சென்டரில் ஒருவரிடம் இருக்கிறது என்று விசாரித்துக் கண்டுபிடித்தேன். கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் அவர். கண்ட்ரோலர் கேம்ப் போனது போல அவரும் போய்விடுவாரோ என்ற பயத்தில், மெயில் போகிற வரை அவர் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பதில் இரண்டே வரியில் வந்தது. இப்போதைக்குச் சரி, சீல் வைத்த கவர் வந்து சேராவிட்டால் இரண்டாம் செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாதபடி தடை போடப்படும். பல பல்கலைக்கழகங்களில் நடைமுறை இதுதான். முதல் செமஸ்டரைத் தடுக்க மாட்டார்கள், அடுத்ததைப் பிடித்துவைப்பார்கள். அவள் விமானம் ஏறினாள். கவர் அவளுக்குப் பிறகு போய்ச் சேர்ந்தது, தடை விழவில்லை. மீதி இரண்டு கவர்களில் ஒன்றை அவள் தோழி ஒருத்தி கேட்டாள். பெயர் வேறு என்பதால் கொடுக்க முடியவில்லை.

அவள் இப்போது அங்கே இரண்டாம் செமஸ்டர் படித்துக்கொண்டிருக்கிறாள். பட்டமளிப்பு விழாவுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.