விடைக்குறிப்பு வாழ்க!

வினாத்தாள் தயாரித்த ஐயாவின் நுண்மாண் நுழைபுலத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ‘அவள் முகநிலவு வாசலில் உதித்தது’ என்று ஒரு வரி. ‘வாசலில் உதித்தது எது?’ என்பது ஒரு மதிப்பெண் வினா. நிலவு, முகம், நிலவு போன்ற முகம், முகமாகிய நிலவு என நான்கு விடைகள்.

ஒரு சிறுமி ‘நிலவு’ என்று குறித்தாள். வரியில் அப்படித்தானே இருக்கிறது! உதிப்பதும் நிலவின் தொழில்தான். சுழியம். பக்கத்துப் பையன் ‘நிலவு போன்ற முகம்’ என்றான். கவிஞர் சொல்ல வந்தது அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ‘போன்ற’ வந்ததால் அது உவமை. அவனுக்கும் சுழியம். புரியாதவளையும் புரிந்தவனையும் ஒரே தட்டில் நிறுத்தும் இந்தச் சமநீதி வேறெங்கே கிடைக்கும்?

ஐயாவின் அளவுகோல் பிழையற்றது. நிலவு முன்னால் நின்று ‘நிலவுமுகம்’ என்றால் உவமைத்தொகை. முகம் முன்னால் நின்று ‘முகநிலவு’ என்றால் உருவகம். சொல்லைத் திருப்பிப் போட்டால் அணி மாறிவிடும், கவிதையைப் படிக்கவே வேண்டாம். ‘மழை கூரைமேல் தாளம் தட்டியது’ என்பதுபோல் திருப்பிப் போட இரண்டு பெயர்களே ஒட்டி நில்லாத வரிகளும் உண்டு. அவற்றை வினாத்தாள் பக்கமே அண்டவிடாதது ஐயாவின் பெருங்கருணை.

தண்டியலங்காரம் உவமையையும் உருவகத்தையும் தனித்தனி அணிகளாக வைக்கிறது. உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து, இரண்டும் ஒன்றே எனச் சொல்வது உருவகம் என்பது அதன் கருத்து. ஒன்றே என்றால் நிலவு என்றாலும் முகம் என்றாலும் அதுதானே, இரண்டுக்குமே மதிப்பெண் தரவேண்டாமா என்று குதர்க்கம் பேசுவோர் உண்டு. அவர்கள் கவிதையை நம்புகிறவர்கள். ஐயா விடைக்குறிப்பை நம்புகிறவர்.

அதே தண்டியில் உவமைக்கும் முன்னால் நிற்பது தன்மையணி, உள்ளதை உள்ளபடி சொல்வது. அந்தச் சிறுமி வரியைத் தன்மையாகப் படித்துவிட்டாள். அணி வரிசையில் இரண்டு படி கீழே நின்றது அவள் குற்றம்.

தொல்காப்பியரின் நிலைதான் பரிதாபம். உவமைக்கென்று ஓர் இயலே எழுதியவர், உருவகத்துக்குத் தனிப்பெயர் வைக்கவில்லை. உரைகாரர்கள் அதையும் உவமைக்குள்ளேயே அடக்கினார்கள். இன்று அவர் தேர்வெழுத வந்தால் பையனோடு சேர்ந்து ‘நிலவு போன்ற முகம்’ என்றே குறித்திருப்பார். சிவப்பு மையில் ஒரு சுழி போட்டு, ‘இலக்கணம் படிக்கவும்’ என்று ஓரத்தில் எழுதும் துணிவு ஐயாவுக்கு உண்டு.

அடுத்த பக்கத்தில் ‘நயம் பாராட்டுக’ என்று ஒரு வினா. அணி என்ற தலைப்பின்கீழ் ‘இப்பாடலில் உருவக அணி பயின்று வந்துள்ளது’ என எழுதினால் முழு மதிப்பெண். எது எதுவாக உருவகமானது என்று ஐயா கேட்கவில்லை.