பாவக்காய் மாமா

எங்கள் குடும்பத்துப் பாவக்காய் மாமா புளியந்தீவுக்காரர். கல்லடிப் பாலத்தைச் சைக்கிளில் கடந்து வரும்போது ஹேண்டிலில் ஒரு பை தொங்கும். பைக்குள் என்ன என்று பெரியம்மா கேட்பதில்லை. முகத்தைச் சுளித்தபடி அம்மியைக் கழுவப் போய்விடுவார்.

சலரோகத்துக்கு மாமா சொல்லும் காரணம் ஒற்றை வரிதான்: "சீனி திண்டா சீனி வரும்." அவர் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை, ஒரு துண்டு சர்க்கரையைக் கடித்துக் கடித்துக் குடிப்பார். மத்தியானம் கோப்பை நிறையச் சோறு, மேலே எருமைத் தயிர், அதன்மேல் பாணி. தனக்கு வருத்தம் வராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இரத்தம் சோதித்துப் பார்த்ததும் இல்லை. இனிப்பையே விரும்பாத பெரியம்மாவுக்கு எப்படி வந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். அம்மம்மாவுக்கும் அது இருந்தது. பெரியம்மாவுக்கு இடுப்பும் பெருத்துவிட்டது. உடம்பு இன்சுலினுக்கு மசியாமல் போக இவையே போதும். சீனிப் பானங்கள் உடம்பைப் பெருக்கி அதற்கு ஒத்தாசை செய்யும், அவ்வளவுதான்.

குளிசை போட்டும் பெரியம்மாவின் வெறுவயிற்றுச் சீனி 230. கிளினிக்கில் காலையும் இரவும் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். அதே கிழமை மாமாவின் சாறும் தொடங்கியது. மூன்று கிழமையில் 132.

"பாத்தீங்களா அக்கா? இனி ஊசிய விடுங்க. அது பழகினா விடாது."

ஊசி நின்றது, சாறு தொடர்ந்தது.

பெரியம்மா உடனே விழவில்லை. மாமா வென்றதும் அதனால்தான். பெரியம்மாவுடையது இரண்டாம் வகை. கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலின் சுரக்கிறது. முதலாம் வகைப் பிள்ளை ஒன்றுக்கு இதைச் செய்திருந்தால் ஓரிரு நாளில் வாந்தி, வயிற்றுவலி, ஆழமான மூச்சு, பிறகு மயக்கம். உயிரே போகலாம். 1922இல் இன்சுலின் ஊசி வருமுன் அந்தப் பிள்ளைகள் பிழைத்ததில்லை.

பெரியம்மாவுக்கு முதலில் தாகம். செம்பு செம்பாய்த் தண்ணீர். பிறகு இரவில் ஐந்து தரம் எழும்பினார். "பாவக்காய் உடம்பைக் கழுவுது" என்றார் மாமா. மூன்றாம் கிழமை கண் மங்கியது, காலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. சோதித்தால் 318.

பாவக்காய் பொல்லாததில்லை, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தால் நானும் இரண்டாம் தரம் சோறு கேட்பேன். ஆனால் 2012இல் கொக்ரேன் குழு அதன் ஆய்வுகளைத் தேடியபோது தேறியவை நான்குதான். அவற்றை வைத்து அது சீனியைக் குறைக்கும் என்று சொல்ல முடியவில்லை. 132க்கு இறக்கியது ஊசி. பேர் வாங்கியது காய்.

பெரியம்மாவை வார்டில் வைத்து மறுபடி ஊசி தொடங்கினார்கள். பார்க்க வந்த மாமா கட்டில் தலைமாட்டில் இருந்த தாளை நெடுநேரம் வாசித்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"318 எண்டுதானே போட்டிருக்கு? சாறு குடியாட்டி 500க்குப் போயிருக்கும், மகன்."