மொட்டையைத் தடுத்த நல்லெண்ணெய்

குழந்தையின் தலைமுடியில் சூயிங்கம் ஒட்டிக்கொண்டால் நம் வீடுகளில் முதலில் தேடுவது கத்தரிக்கோலை. அடுத்துத் தேடுவது தாய்மாமனை. கத்தரிக்கோல் அவசரத்துக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. தாய்மாமன் ஒரு போனில் கிடைத்துவிடுவான்.

"டேய், உடனே கிளம்பி வா. பாப்பாவுக்கு மொட்டை போட வேண்டியதுதான்னு அம்மா சொல்லுது" என்றாள் அக்கா. மருமகளுக்கு ஏழு வயது. முடி இடுப்பு வரைக்கும். அந்த முடிக்காகவே பள்ளி ஆண்டு விழாவில் ஆண்டாள் வேடம் அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. "அப்புறம் மெல்லலாம்" என்று தலையணை ஓரத்தில் பத்திரப்படுத்திய சூயிங்கம், மத்தியானத் தூக்கத்தில் இடம்பெயர்ந்து, தோளுக்குச் சற்று மேலே ஒரு கற்றையில் புளியங்கொட்டை அளவுக்குக் குடியேறிவிட்டது.

மொட்டை என்றால் மடியில் உட்கார வைப்பதோடு மாமன் கடமை முடிந்துவிடாது. பட்டுப்பாவாடை எடுக்க வேண்டும், கூடவே குண்டுமணி அளவாவது தங்கம் வைக்க வேண்டும். இன்றைக்குத் தங்கம் விற்கிற விலையில், என் மருமகளின் முடிமேல் எனக்கு ஏற்பட்ட அக்கறையைச் சொல்லி மாளாது. பைக்கை முறுக்கிக்கொண்டு போனேன்.

அங்கே ஆலோசனைக் கூட்டம் உச்சத்தில் இருந்தது. அத்தான் பிரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ் கட்டியோடு நின்றார். ஐஸ் வைத்தால் சூயிங்கம் இறுகி உடையும். பேன்ட்டில் ஒட்டினால் அது நல்ல வழிதான், சுரண்டி எடுத்துவிடலாம். முடியில் அப்படியில்லை. உள்ளே மாட்டிய முடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே இறுகும். உடைக்கிறபோது முடியும் அறுந்து வரும், பிள்ளையின் அலறலும் வரும். அக்கா ஏற்கெனவே வெந்நீர் ஊற்றிப் பார்த்திருந்தாள். சூட்டில் சூயிங்கம் இளகி, நூல்நூலாக இழுபட்டு, சும்மா இருந்த பக்கத்து முடிகளோடும் உறவு கொண்டாடியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா மண்ணெண்ணெய் வேண்டுமா என்று கேட்டார். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கிற திரவம் எதையும் பிள்ளையின் தலைக்கருகே கொண்டுபோகக் கூடாது. தோலை எரிக்கும், நெடி ஆகாது, தீப்பிடிக்கும். அம்மா மட்டும் அமைதியாக இருந்தாள். பழநிக்கு ஒரு மொட்டை பாக்கி இருப்பதை முருகனே ஞாபகப்படுத்துகிறான் என்பது அவள் கட்சி.

அந்தக் கட்சியை அம்மாவின் அரிவாள்மணையை வைத்தே உடைத்தேன். "ஏம்மா, பலாப்பழம் அறுக்கும்போது கையிலே என்ன தடவுவே?" "எண்ணெய்தான். இல்லேன்னா பால் பிசுபிசுன்னு ஒட்டிக்குமே." "அதேதாம்மா இதுவும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் சூயிங்கமே சப்போட்டா மரத்துப் பாலில் செய்ததுதான். மெக்சிகோ பக்கத்தில் மரத்தைக் கீறிப் பால் வடித்துக் காய்ச்சி எடுத்தார்கள். இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் செயற்கை ரப்பர், பிசின், மெழுகு வகையறாக்கள். சர்க்கரையும் வாசனையும் எச்சிலில் கரைந்து போய்விடும். மிச்சம் நிற்கிற அந்தச் சவ்வு தண்ணீருக்குக் கரையாது. நாள் முழுக்க எச்சிலில் ஊறியும் கரையாதது, ஒரு வாளி வெந்நீருக்கா கரையும்? ஆனால் எண்ணெயோடு அதற்கு ஒட்டு உண்டு. எண்ணெய் உள்ளே ஊறி அதை இளக்கும். முடிக்கும் அதற்கும் நடுவே புகுந்து பிடியை விடுவிக்கும்.

எந்த எண்ணெய் என்று அடுத்த விவாதம். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், எதுவும் சரிதான். உறைந்த தேங்காயெண்ணெயை உருக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது என்றால் கடலை எண்ணெய் வேண்டாம். தாளித்து மிஞ்சியதும் வேண்டாம். சூயிங்கம் போனாலும் கடுகு நிற்கும். அக்கா வீட்டில் கைக்கு எட்டியது நல்லெண்ணெய்.

முதலில் நல்ல முடியையெல்லாம் ஒதுக்கிப் பின்னிக் கட்டிவிட்டு, ஒட்டிய கற்றையை மட்டும் தனியே எடுத்தேன். தோளில் பழைய துண்டு. இரண்டு டீஸ்பூன் எண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்து, சூயிங்கத்தின் மேலேயும் அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கும் தடவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாகப் பிசைந்தேன். இழுக்கவில்லை, பிசைந்தேன். அப்புறம் பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இந்த வைத்தியத்திலேயே கஷ்டமான கட்டம் இதுதான். ஐந்து பெரியவர்கள் கைவைக்காமல் பத்து நிமிடம் சும்மா இருப்பது நம் குடும்பங்களில் நடக்கிற காரியமா? அத்தானை டீ போட அனுப்பினேன். அம்மாவைச் சீரியல் பார்க்க வைத்தேன்.

ஊறிவிட்டதா என்று விரலே சொல்லும். தொட்டு எடுத்தால் நூல் இழுக்கிறதா, இன்னும் எண்ணெய் வேண்டும். நூல் இழுக்காமல், பளபளப்புப் போய், கொழகொழவென்று பிய்ந்து, விரலில் ஒட்டாமல் வழுக்குகிறதா, பதம் வந்துவிட்டது. மருமகளின் தலையில் மேல்பக்கம் பதம் வந்தது, நடுவில் இன்னும் சவ்வாகவே இருந்தது. பிளந்து நடுவிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.

அடுத்து சீப்பு. அம்மா ஆர்வமாகப் பேன் சீப்பைக் கொண்டுவந்தாள். அதன் பல்லிடுக்கில் சூயிங்கம் புகுந்தால் சீப்பும் தலையோடு தங்கிவிடும். அகலப் பல் சீப்புதான் வேண்டும். சூயிங்கத்துக்கு மேலே, தலைக்கும் அதற்கும் நடுவே, முடியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இழுப்பு வேருக்குப் போகாது, பிள்ளைக்கு வலிக்காது. பிறகு நுனிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வார வேண்டும். மேலிருந்து ஒரே இழுவையாக வாரினால் சூயிங்கம் கீழேயுள்ள நல்ல முடிக்கெல்லாம் யாத்திரை போய்விடும். ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பைத் துணியில் துடைத்தோம். துடைக்காவிட்டால் எடுத்ததையே திருப்பி வைக்கிறோம் என்று அர்த்தம். வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் வந்தன. "வலிக்கலை மாமா" என்று மருமகளே ஆச்சரியப்பட்டாள்.

கடைசியில் மிளகு அளவில் ஒரு முடிச்சு மட்டும் அசையவில்லை. வெந்நீர் ஊற்றியதில் இறுகச் சிக்கிய இடம். அங்கே மட்டும் அத்தான் ஒருவழியாகக் கண்டுபிடித்த கத்தரிக்கோலுக்கு வேலை கொடுத்தோம். குறுக்கே ஒரே வெட்டாக வெட்டினால் தலையில் படிக்கட்டு தெரியும். கத்தரியை முடியின் போக்கிலேயே நீளவாக்கில் பிடித்து, முடிச்சைப் பிரித்துவிட்டு, சிக்கிய சில முடிகளை மட்டும் எடுத்தேன். எங்கே எடுத்தது என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. ஒட்டியது தலைத்தோலை ஒட்டினாற்போல் இருந்தால் கத்தரியே வேண்டாம். பொறுமையாக இன்னொரு தரம் எண்ணெய்தான்.

தலைக்குக் குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றிவிட்டு ஷாம்பு போட்டால் எண்ணெய் லேசில் போகாது. எண்ணெய் முடியில் முதலில் ஷாம்புவைத் தேய்த்து, பிறகு தண்ணீர் விட வேண்டும். சீயக்காய் தேய்க்கிற வீடானாலும் எண்ணெய் போய்விடும். ஒரு தரத்தில் போகாவிட்டால் இரண்டாம் தரம்.

மொத்தச் செலவு நாலைந்து டீஸ்பூன் நல்லெண்ணெய், ஒரு பழைய துண்டு, அத்தான் போட்ட சுமாரான டீ. ஆகவே தாய்மாமன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அக்கா தங்கை வீட்டு அடுப்படியில் எண்ணெய் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தோடு ஒப்பிட்டால் எண்ணெய் இன்னும் மலிவுதான்.