கேமும் கரண்ட் பில்லும்

கேள்வி: மகன் தினமும் 4 மணி நேரம் கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறான். உள்ளே இருக்கும் பவர் சப்ளையில் 750 வாட் என்று போட்டிருக்கிறது. மாதம் 90 யூனிட்! நிலத்தை விற்றுத்தான் பில் கட்டணுமா?

பதில்: நிலம் பத்திரமாக இருக்கட்டும். 750 என்பது அந்தப் பவர் சப்ளை அதிகபட்சம் கொடுக்கக்கூடிய அளவு. மீட்டரில் 120 வரை முள் போகும் என்பதற்காக பைக்கை எந்நேரமும் 120-லா ஓட்டுகிறோம்?

நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர், கனமான கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து 400 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 120 மணி நேரத்துக்கு 48 யூனிட். பிளேஸ்டேஷன் 5 என்றால் சுமார் 200 வாட். 24 யூனிட்டில் முடியும், டிவி கணக்கு தனி. சந்தேகமிருந்தால் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் வாங்கி, கேம் ஓடும்போது பாருங்கள்.

விலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மொத்த பில்லின் சராசரி விலையைப் போடக்கூடாது. இந்த 48 யூனிட் மற்ற செலவுக்கு மேல் ஏறுவதால், உங்கள் பில்லின் கடைசிப் படி விலைதான் இதற்கு. அது 8 ரூபாய் என்றால் மாதம் 384 ரூபாய்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீட்டில் 96 சேர்ந்தால் 546. 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். அந்த இழப்பையும் கேம் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அது சரி, பையன் ஆடும்போது அறையில் ஏசி ஓடுகிறதா?