28 டிகிரி

1999-ல் பிளஸ் டூ முடித்த கையோடு, மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்து ஆரோவில்லுக்கு வேலைக்கு வந்தேன். சோலார் பேனல், பம்பு, பேட்டரி போட்டுத் தரும் ஒரு சிறிய பட்டறை அது. முதல் நாளே கையில் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து, பேட்டரியைத் தொடுவதற்கு முன்னால் படித்துவிடச் சொன்னார்கள். முழுக்க ஆங்கிலம். பன்னிரண்டு வருடமும் தமிழ் வழியில் படித்தவன் நான். இயற்பியலில் நல்ல மார்க். அன்று இரவு இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தெரியாத சொல்லையெல்லாம் அகரவரிசையில் எழுதி, அகராதி பார்த்து எதிரே தமிழ் போட்டேன். ஒரு மாதத்தில் நானூறு சொல் சேர்ந்தது. புத்தகம் மட்டும் புரியவில்லை. ‘ஸ்பெசிஃபிக் கிராவிட்டி’ என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தது. ஸ்பெசிஃபிக் என்றால் குறிப்பிட்ட. கிராவிட்டி என்றால் ஈர்ப்பு. ‘குறிப்பிட்ட ஈர்ப்பு’ என்று எழுதி வைத்திருந்தேன். பேட்டரிக்கும் ஈர்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரிடமும் கேட்கத் துணிவில்லை.

விடை எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். கழிமுகத்துத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் காய வைப்பார்கள். கடல் தண்ணீராக உள்ளே வரும்போது அது மூன்றரை டிகிரி. இருபத்தைந்தை எட்டினால் உப்பு பூக்கும். இருபத்தொன்பதைத் தாண்ட விட்டால் கசப்பு உப்பும் சேர்ந்து இறங்கும் என்று வடித்துவிடுவார்கள். இதை அளக்கக் கணக்குப்பிள்ளை ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார். அடியில் குண்டு, மேலே கோடுகள். தண்ணீரில் விட்டால் மிதக்கும். பட்டறையில் பேட்டரி அமிலத்தை உறிஞ்சிப் பார்க்கும் குழாய்க்குள்ளும் அதே மாதிரி ஒன்று மிதந்தது. அதைச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன்.

“டிகிரி ஏறிச்சின்னா தண்ணி கனத்துப் போச்சுன்னு அர்த்தம்டா. கனத்த தண்ணியில கொழா தூக்கிக்கினு நிக்கும். இதுல என்ன ஈர்ப்பு?”

அப்போதுதான் பத்தாம் வகுப்புப் பாடம் நினைவுக்கு வந்தது. திரவமானி. ஒப்படர்த்தி. ஒரு திரவம் தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பதன் அளவு. எனக்குத் தமிழில் நன்றாகத் தெரிந்த, கணக்குப் போட்டு மார்க் வாங்கிய ஒரு விஷயம், வேறு பெயரில் முன்னால் நின்றபோது அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. தமிழ் வழியில் படித்தவன் பொருள் தெரியாதவன் அல்ல. அவனுக்கு இரண்டு பெயர்களையும் முடிச்சுப் போட ஆள் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பாடநூல்களின் கடைசிப் பக்கங்களில் வரும் கலைச்சொல் பட்டியலைத் தேர்வுக்கு வராது என்று விட்டுவிட்டோம். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அதற்கான சொற்பட்டியல்களையும் உண்டாக்கினார் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு அந்தக் கடைசிப் பக்கங்கள்தான் கண்முன் வந்தன.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். நூற்று நாற்பத்தைந்திலிருந்து டிகிரியைக் கழித்து, வந்ததை வைத்து நூற்று நாற்பத்தைந்தை வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். கடல் தண்ணீரின் மூன்றரை டிகிரி 1.025. உப்பு பூக்கும் 25 டிகிரி ஏறத்தாழ 1.21. எங்கள் பட்டறை போட்ட குழாய்த் தகட்டு பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறினால் 1.240; அதாவது 28 டிகிரி. உப்பு வாரும் பாத்தியின் கனம். பேட்டரி தீர்ந்துவிட்டால் 1.120-க்குக் கிட்ட இறங்கும். அது பதினைந்தரை, பாதி காய்ந்த தண்ணீர். பாத்தியில் வெயில் தண்ணீரை எடுத்துவிடுவதால் மிச்சம் கனக்கிறது. பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது, தகட்டில் ஒட்டியிருந்த சல்பேட் திரும்ப அமிலத்துக்குள் வருவதால் கனக்கிறது. காரணம் வேறு, குழாய் காட்டும் கோடு ஒன்று. அதன் பிறகு அந்த அளவை நான் மறக்கவே இல்லை.

இது தந்த தைரியத்தில் அடுத்த தவறைச் செய்தேன். ‘ஈக்வலைஸ்’ என்று ஒரு சொல். சமப்படுத்து என்று அகராதி சொன்னது. உப்பளத்தில் பாத்திகளின் தண்ணீர் மட்டத்தைச் சமப்படுத்துவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. பன்னிரண்டு செல்களையும் திறந்து, குறைவாக இருந்தவற்றில் காய்ச்சி வடித்த தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, ஒரே மட்டமாக்கினேன். அப்போது பேட்டரி பாதிக்கு மேல் இறங்கிய நிலை. சார்ஜ் ஏறும்போது உள்ளிருக்கும் அமிலத்தின் மட்டமும் உயரும். மறுநாள் நான்கு செல்கள் பொங்கி வழிந்து, மரத்தாங்கி கருகி, முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வழிந்தது அமிலம். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. அந்த நான்கு செல்களும் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றியும் 1.240-ஐத் தொடவில்லை.

புத்தகத்தில் எச்சரிக்கை இருந்தது. தகடு வெளியே தெரிந்தாலொழிய, சார்ஜ் ஏற்றுவதற்கு முன் தண்ணீர் ஊற்றாதே என்ற வாக்கியம். அதிலிருந்த ‘அன்லெஸ்’ எனக்குத் தெரியாது. தொழில்நுட்பச் சொல் இல்லையே என்று நோட்டில் எழுதாமல் விட்டிருந்தேன். நானூறு சொல் சேர்த்தவன் தவறவிட்ட அந்த ஒன்றுதான் வாக்கியத்தைத் தலைகீழாக்கியது. தமிழில் ‘தெரிந்தாலொழிய’ முன்னால் வந்து நம்மைத் தயார்ப்படுத்தும். ஆங்கிலத்தில் கட்டளை முதலில், நிபந்தனை பின்னால்.

அன்றைக்கு அந்த நோட்டை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒரு நீள நோட்டு தொடங்கினேன். அகரவரிசையை விட்டேன், பேட்டரிக்கு ஒரு பகுதி, பம்புக்கு ஒன்று, கன்ட்ரோலருக்கு ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் அரைப் பக்கம். முதலில் சொல் வந்த வாக்கியம் முழுதும். அடுத்து, எந்தப் பொருளில், எந்த இடத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன் என்பது. அதன் பிறகுதான் தமிழ். முன்பு தவறாக நினைத்த பொருளை அழிக்காமல் ஒற்றைக் கோடு மட்டும் போட்டு வைத்தேன். அதே தவறு இன்னொருவருக்கும் வரும் என்று தோன்றியது. கடைசிப் பத்துப் பக்கம் அன்லெஸ், அன்டில், ப்ரொவைடட், ‘நாட் லெஸ் தேன்’ போன்ற இணைப்புச் சொற்களுக்கு.

எழுத எழுத ஒன்று தெளிந்தது. பெரிய சொற்கள் ஏமாற்றுவதில்லை. ‘எலக்ட்ரோலைட்’ தெரியாது என்று நமக்கே தெரியும். தேடி, மின்பகுளி என்று பிடித்துவிடுவோம். வீட்டுச் சொற்கள்தான் ஏமாற்றும். கன்ட்ரோலர் திரையில் `FLOAT` என்று வரும். பம்பு வேலையில் ஃப்ளோட் என்றால் தொட்டியில் மிதக்கும் பந்து. தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும். பேட்டரிக்கு அது வேறு: நிறைந்த பிறகு தானாகக் கசியும் அளவை மட்டும் ஈடுகட்டி, 24 வோல்ட் தொகுப்பென்றால் சுமார் 27 வோல்ட்டில் தாங்கிப் பிடிப்பது. திரையில் `FLOAT` வந்ததும் சிலர் தொட்டியைப் போய்ப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

நோட்டு முழுதாக உதவியது தானே புயலுக்குப் பிறகு. 2011 டிசம்பர் 30 அன்று புயல் கரையைக் கடந்தது. மரங்கள் சாய்ந்து, கம்பிகள் அறுந்து, பல நாள் கரண்ட் இல்லை. ஒரு வீட்டில் 12 செல் பேட்டரி நாள்கணக்கில் பாதி உயிரோடு ஓடியிருந்தது. வெயில் வந்ததும் கன்ட்ரோலர் நிறைந்துவிட்டதாகக் காட்டியது. திரவமானி விட்டுப் பார்த்தால் பத்து செல்கள் 1.220-ஐ ஒட்டி, இரண்டு மட்டும் 1.170. இதற்குத்தான் ஈக்வலைஸ்: நிறைந்த பேட்டரிக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்ட்டேஜில், குறைந்த மின்னோட்டத்தில் வேண்டுமென்றே மிகைச் சார்ஜ் கொடுப்பது. பின்தங்கிய செல்களின் தகட்டில் உறைந்த சல்பேட் அதில் கரையும். 24 வோல்ட் தொகுப்புக்கு 30 வோல்ட்டுக்குச் சற்று மேல் வைத்தேன். ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் ஜன்னல்களைத் திறந்து, பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்க விடவில்லை. மணிக்கொரு முறை அளந்து எழுதினேன். மூன்று முறை தொடர்ந்து ஏறாமல் நின்றால் போதும் என்பது விதி.

பின்தங்கிய இரண்டில் ஒரு செல் 1.225-ல் நின்றுவிட்டது. பழுதென்று எடுக்கப் போனேன். நோட்டில் ‘கரெக்டட்’ என்ற சொல்லின் கீழே, திருத்தப்பட்ட என்பதற்கு நானே கோடு போட்டு, 27 டிகிரி வெப்பத்துக்கு மாற்றிக் கணக்கிடு என்று எழுதியிருந்தேன். அமிலம் அப்போது 40 டிகிரி சூடு. சூட்டில் திரவம் விரிந்து இலேசாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்ட வேண்டும். பதின்மூன்று டிகிரிக்கு 0.009. உண்மையான அளவு 1.234, செல் நல்ல செல். மற்றொன்று இரண்டாம் நாளும் 1.205-ஐத் தாண்டவில்லை. சல்பேட் கல்லாக இறுகிவிட்டால் எந்த மிகைச் சார்ஜும் கரைக்காது. அதை மாற்றினோம்.

இப்போது பட்டறைக்கு வருவது லித்தியம் பேட்டரி. திறக்க மூடி இல்லை, அமிலம் இல்லை, திரவமானி பெட்டியில் இருக்கிறது. வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்தவர்கள். எனக்கு ஒரு வாரம் பிடித்த பக்கத்தை ஐந்து நிமிடத்தில் படிக்கிறார்கள். பார்க்க எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. சென்ற வருடம் ஒரு தம்பி, எட்டு செல் லித்தியம் தொகுப்பு ஒன்றில் செல்களுக்குள் வோல்ட்டேஜ் ஏறுக்குமாறாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கன்ட்ரோலரில் `EQ`-வை இயக்கப் போனார்.

“ஈக்வலைஸ்னா எல்லாத்தையும் சமமாக்குறதுதானேண்ணே?”

அதே பொருள். இருபது வருடத்துக்கு முன் நான் கோடு போட்டு வைத்த அதே பொருள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்ததனாலேயே அவருக்குச் சந்தேகம் வரவில்லை. 30 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் ஒவ்வொரு செல்லுக்கும் 3.75-க்கு மேல் போகும், எல்லை 3.65. உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும், வீடு இருட்டாகும். அந்தச் சுற்று கெட்டிருந்தால் செல்லே போகும். லித்தியத்தில் சமப்படுத்துவது வேறு வேலை, வேறு சொல். அதை அந்தச் சுற்றே தன் பாட்டுக்குச் செய்துகொள்ளும். கையை நிறுத்தச் சொல்லிவிட்டு, நீள நோட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

அவர் கோடு போட்ட வரியை இரண்டு முறை படித்தார். பிறகு மேலே இருந்த ஒரு சொல்லில் விரலை வைத்து, “இது என்னண்ணே?” என்றார். ஒப்படர்த்தி. பெட்டியிலிருந்து திரவமானியை எடுத்து வந்து, ஒரு வாளித் தண்ணீரில் விட்டேன். அப்புறம் உப்பைப் பிடி பிடியாகக் கரைக்கச் சொன்னேன்.