அம்மனுக்கு ஒரு கணக்கு, கம்பெனிக்கு ஒரு கணக்கு

ஏம்ப்பா மாப்ளே, இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நீ எழுதின கடுதாசியைப் படிச்சேன். அல்சூர்ல பிறந்து வளர்ந்த பிள்ளை இவ்வளவு அடக்கமா எழுதும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. "ஆடித் திருவிழாவிற்குச் சுமார் ஐந்நூறு பேர் வருவார்கள்"னு போட்டிருக்கே. அதே கையால நீ அச்சடிச்ச நோட்டீசுல "பல்லாயிரக்கணக்கான பக்தர்கள் அலைகடலெனத் திரண்டு வந்து"ன்னு இருக்கு. நன்கொடை வசூலுக்கு மூணாவதா ஒரு கணக்கும் வச்சிருப்பே. அதை என்கிட்டகூடக் காட்டாதே.

தலையைக் குறைச்சா பிரீமியம் குறையும்னு போட்ட புத்தி நல்ல புத்திதான். ஆனா ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, கம்பெனி அனுப்புற சர்வேயர் முதல்ல கேக்குறது உன் நோட்டீசைத்தான். அதையும் நீ எழுதிக் கொடுத்த படிவத்தையும் பக்கத்துல பக்கத்துல வைப்பான். முக்கியமான விஷயத்தை மறைச்சவனுக்குப் பணம் தரமாட்டேன்னு சொல்ல அவனுக்கு வழி இருக்கு. நீ மிச்சம் பிடிச்ச சில ஆயிரம் உன் கையில இருக்கும், நஷ்டஈடு கேக்குறவங்க உன் வாசல்ல இருப்பாங்க.

தூரத்துக் கதை எதுக்கு? நம்ம எம்.ஜி. ரோடு தாண்டினா சின்னசாமி ஸ்டேடியம். 2025 ஜூன் 4-ஆம் தேதி கப் ஜெயிச்ச டீமைப் பாக்க ஊருக்கே அழைப்புப் போச்சு. உள்ளே இடம் சுமார் 35,000 பேருக்கு. வந்தது லட்சக்கணக்குல. கேட்டுல நெரிஞ்சு 11 பேர் போனாங்க. இடத்தோட கொள்ளளவு ஒண்ணு, அழைப்போட கொள்ளளவு வேற. அதுக்கப்புறம் அரசாங்கம் ஒரு கூட்டக் கட்டுப்பாட்டு மசோதா கொண்டு வந்துச்சு. நடத்துறவன் ஒரு கோடிக்கு ஈட்டுப் பத்திரம் எழுதித் தரணும்னு அதுல ஒரு ஷரத்து. உன் ஐந்நூறைப் பார்த்து சிரிக்கிற காலம் இது.

சரி, நிஜக் கணக்கு எப்படிப் போடுறது? தெருவை அளந்து பாரு. உன் தெரு இருபது அடி அகலம், முந்நூறு அடி நீளம்னு வையி. ஆறாயிரம் சதுர அடி, ஏறக்குறைய 560 சதுர மீட்டர். மேடை, கூழ்ப் பந்தி, வளையல் கடை, செருப்புக் குவியல் எல்லாம் கழிச்சா நிக்க மிஞ்சுறது 370. சதுர மீட்டருக்கு ரெண்டு பேர்னா 740 பேர் தாராளமா நிக்கலாம். நாலு பேர்னா 1,480, தோளோட தோள் உரசும். அஞ்சைத் தாண்டினா நடக்குறவன் தானா நடக்கல, கூட்டம் அவனை நடத்துது. ஆக "மூணு நாளும் சேர்த்து மொத்தம் இவ்வளவு, ஒரே நேரத்துல உச்சம் இவ்வளவு"ன்னு ரெண்டு எண்ணா எழுது. கம்பெனிக்காரனுக்குப் பயம் ரெண்டாவது எண்மேலதான். எத்தனை மணிக்கு அந்த உச்சம்னும் சேர்த்து எழுது. தீபாராதனையா, பூப்பல்லக்கா, உனக்குத் தெரியாதா?

அடுத்தது வெளியே போற வழி. சமதளத்துல ஒரு மீட்டர் அகலத்துல நிமிஷத்துக்கு எண்பது பேர் சுமாரா வெளியேறலாம்னு ஸ்டேடியக் கணக்கு ஒண்ணு இருக்கு. உன் தெருவுக்கு ரெண்டு முனை. ஒரு முனையில சீரியல் லைட்டு ஆர்ச், அதுக்குக் கீழே ஜெனரேட்டர். பூட்டினதா எழுது, அதான் உண்மை. இன்னொரு முனையில பானிபூரி வண்டி போக மூணு மீட்டர். நிமிஷத்துக்கு 240 பேர். 1,480 பேர் போக ஆறு நிமிஷத்துக்கு மேல ஆகும், அதுவும் யாரும் திரும்பிப் பார்க்காமப் போனா. ஜெனரேட்டரைத் தள்ளி வையி. பாதித் தலைவலி தீரும்.

தொண்டர் அறுபது பேர்னு எழுதியிருக்கே. பேரையெல்லாம் படிச்சேன். அதுல இருபது பேர் பல்லக்குத் தூக்குறவங்க, பத்து பேர் கூழ் ஊத்துறவங்க, மிச்சப் பேர் தமட்டை அடிச்சதும் ஆடப் போயிடுவாங்க. கூட்டத்தைப் பாத்துக்கிறவன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி சாமியைப் பாக்கக் கூடாது மாப்ளே, சாமிக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பாக்கணும். அந்தப் பாவத்தைச் சுமக்க எத்தனை பேர் இருக்காங்களோ அதுதான் உன் எண்ணிக்கை. யார் எந்த இடத்துல, எந்த மணியிலிருந்து எந்த மணி வரைக்கும்னு ஒரு தாள் போட்டு இணைச்சிடு.

முதலுதவிக்கு "ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது"ன்னு ஒரே வரி. யாரு ஏற்பாடு? தைலமும் பஞ்சும் வச்சிருக்கிற உங்க அத்தையா? தீச்சட்டி எடுக்குறவங்களுக்குச் சுடும், வரிசையில நிக்குற கிழவி மயங்குவா. பயிற்சி எடுத்தவங்க ரெண்டு பேர், உக்கார ஒரு இடம், 108 வண்டி உள்ளே வந்து திரும்ப அடைக்காத ஒரு வழி, பௌரிங் ஆஸ்பத்திரிக்கு எந்தத் தெரு வழியாப் போகும்னு ஒரு கோடு. அவ்வளவு போதும்.

இப்ப தேருக்கு வரேன். ஹுஸ்கூர் மத்தூரம்மா ஜாத்திரையை நீ பார்த்திருக்கே. நூறு அடிக்கு மேல கட்டின தேர்களை மாடு பூட்டியும் டிராக்டர் கட்டியும் இழுத்துட்டு வருவாங்க. 2024-ல ஒண்ணு சாஞ்சுச்சு, நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதையே எச்சரிக்கையா எடுத்திருக்கணும். 2025 மார்ச்சுல காத்தும் மழையுமா வந்தப்ப மறுபடி சாஞ்சு ரெண்டு பேர் இறந்தாங்க. உன் பொதுப் பொறுப்புப் பாலிசியில "இயற்கைச் சீற்றம்"கிறது பெரும்பாலும் தானா இருக்காது, கூடுதலாக் கேட்டு வாங்கணும். வாணவேடிக்கையும் அப்படித்தான், சாப்பாட்டு விஷமும் அப்படித்தான். நீ கேக்கலைன்னா அவங்க சொல்லவும் மாட்டாங்க. தஞ்சாவூர் களிமேட்டுல 2022 ஏப்ரல்ல தேர் உயர்மின் கம்பியில பட்டு 11 பேர் போனதும் மறந்துடலையே? அதனால தேரோட உயரம், தெருக் கம்பியோட உயரம், பெஸ்காம் எத்தனை மணிக்கு மின்சாரத்தை நிறுத்தும், காத்து அடிச்சா தேரை எங்கே நிறுத்துவேன்னு எழுது. ரோடு புதுசாப் போட்டிருந்தா உயரத்தைத் திரும்ப அள.

இன்னொரு நப்பாசையும் வேண்டாம். இந்தப் பாலிசி வெளியாளுக்கு, அதுவும் சட்டப்படி நீ பொறுப்பாளின்னு ஆனா மட்டும். பல்லக்குத் தூக்குற உன் பசங்களுக்கு இல்ல, அவங்களுக்குத் தனி விபத்துக் காப்பீடு எடுக்கணும். மும்பை ஜி.எஸ்.பி. சேவா மண்டல் விநாயகருக்கு 2025-ல 474 கோடிக்கு இன்சூரன்ஸ்னு பேப்பர்ல வந்துச்சே, நீகூட வாயைப் பொளந்தியே. அதுல 375 கோடி தொண்டர், பூசாரி, சமையல்காரன், வாட்ச்மேன் விபத்துக்காக. பொதுமக்கள் பொறுப்புக்கு 30 கோடிதான். யாரைக் காப்பாத்துறோம்னு அவங்க பிரிச்சு வச்சிருக்காங்க. பாலிசியில "ஒரு விபத்துக்கு", "மொத்தக் காலத்துக்கு"ன்னு ரெண்டு தொகை இருக்கும். ரெண்டும் ஒண்ணுன்னா முதல் நாள் விபத்தே எல்லாத்தையும் தின்னுடும், மீதி ரெண்டு நாள் வெறுங்கையா நிப்பே.

கடைசியா, "காப்பீடு பெறுபவர்"னு ஒரு கட்டம். "விழாக் கமிட்டி"ன்னு எழுதிட்டே. கமிட்டியைப் பதிவு பண்ணியிருக்கீங்களா? இல்லைன்னா சட்டத்துக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது, வழக்கு வந்தா ஒவ்வொரு ஆள் பேர்லயும்தான் வரும். பேனர்ல நாப்பது முகம் சிரிக்குதே, கட்டத்துல எத்தனை பேர் பேரு வரணும்னு கேட்டுப் பாரு. நேத்து நான் கேட்டுட்டேன். தலைவர் ஊருக்குப் போயிட்டாராம், பொருளாளருக்குக் கண்ணாடி காணாமாம், செயலாளர் உன்கிட்டப் பேசிட்டுச் சொல்றேன்னார்.