சுமைகூலி முக்கால் பணம்

பம்ப் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் வேலை எனக்கு. வேலை கேட்டு வரும் மெயில்களை டவுன் பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பேன். கைபேசியில் தெரிவது மூன்றே விஷயம்: அனுப்பியவர் பெயர், தலைப்பு, அதன் கீழே சாம்பல் நிறத்தில் கடிதத்தின் முதல் சில சொற்கள். திறப்பதா வேண்டாமா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

அக்கா மகன் டிப்ளமோ மெக்கானிக்கல். இரண்டு வருடம் பம்ப் வரைபடம் போட்ட கை. "வேற கம்பெனிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாருங்க மாமா" என்று மெயில் அனுப்பினான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ராக்கி பாய்'. தலைப்பு 'ரெஸ்யூம்'. கீழே, "ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம், ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல், மைசெல்ஃப்..." தான் யாரென்று சொல்ல வாயைத் திறந்தான், ஜிமெயில் பொத்திவிட்டது.

திறந்தேன். கடிதம் ஒன்றரை வரி. கையெழுத்து ஒன்பது வரி: 'டைனமிக், பேஷனேட், வருங்காலத் தலைவர்', கனவு பற்றி ஒரு பொன்மொழி, கூலிங்கிளாஸ் போட்டோ, காகிதத்தை மிச்சப்படுத்தி மரம் காக்கச் சொல்லும் பச்சை வரி, அதற்கும் கீழே 'இது ரகசியக் கடிதம், தவறி வந்தால் அழித்துவிடவும்'. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"தலைவர்னு போட்டா மதிப்பில்லையா மாமா?"

"அதை யார் வேணாலும் போடலாம்டா. விசாரிச்சுப் பார்க்க முடியுறதைப் போடு."

அப்படி வந்ததுதான் புது வரி: 'டிராஃப்ட்ஸ்மேன், பம்ப் வரைபடம், 2 ஆண்டு, கோவை'. பெயரை மாற்ற அவன் கைபேசியில் இடம் கிடைக்கவில்லை. கணினியில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் போய் ராக்கி பாயை வழியனுப்பினோம். தலைப்பு 'டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு விண்ணப்பம்'. வணக்கத்தை ஒரே சொல்லில் முடித்து, உடனே "மோனோபிளாக் பம்ப் வரைபடங்கள் தனியாகப் போட்டிருக்கிறேன், மாதிரி இரண்டு இணைத்துள்ளேன்" என்று ஆரம்பித்தோம். தலைப்பில் சொன்னதையே முதல் வரியிலும் சொன்னால் கிடைத்த இடம் வீண்.

இன்னொரு சங்கதி. கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தால் அந்தச் சாம்பல் வரி கடிதத்தோடு நிற்காது, கையெழுத்துக்குள்ளும் இறங்கிவிடும். அதனால் கையெழுத்தில் பெயர், அந்த ஒரு வரி, போன் நம்பர், இவ்வளவுதான். போட்டோவும் கிடையாது. சில அலுவலகங்களில் படத்தைக் காட்டாமல் தடுத்துவிடுவார்கள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டம்தான் தெரியும்.

கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு ஒன்று அனுப்பச் சொல்லி, திறக்காமல் பட்டியலில் மட்டும் இருவரும் படித்தோம். யார், என்ன வேலை, என்ன தெரியும் என்ற மூன்றும் தெரிந்தன. பையனுக்கு ஒரே ஒரு மனக்குறை.

"பச்சை வரி மட்டும் இருக்கட்டுமே மாமா. மரம் பாவம்."

"நாலு பக்க ரெஸ்யூமை ஒரு பக்கமாக்குடா. மரம் தானா பிழைச்சுக்கும்."